பழனி நடைக்கு ஒரு காவடி: மயிற்பீலியா, பூவா, வண்ணத்தாளா?

எளிய காவடி என்றால் அதில் அதிகம் ஒன்றும் இல்லை. தோளில் உட்கார ஒரு தண்டு, அதன் இரு முனைகளையும் இணைத்து மேலே அரைவட்டமாக வளைந்த மூங்கில், முனைகளில் தொங்கும் இரண்டு செம்புகள், எல்லாவற்றையும் மூடிய மஞ்சள் அல்லது சிவப்புத் துணி. இதற்கு மேல் எதை வைத்து அலங்கரிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. பெரும்பாலும் அழகைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, இந்தக் காவடி எத்தனை கிலோமீட்டர் நடக்கப் போகிறது, வழியில் எத்தனை இரவு பனியில் நிற்கப் போகிறது என்பதைத்தான்.

ஒரு குறிப்பான காவடியை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல்லில் கிளம்பி ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சாதாரணமாக இரண்டு பகல், நடுவில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் இரவு. தண்டின் நீளம் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. வளைவு சரியான அரைவட்டம் என்றால் மூங்கிலின் நீளம் 118 சென்டிமீட்டர் வரும். நான்கடிக்குச் சற்றுக் குறைவு. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த அளவுக்குத்தான். உங்கள் காவடி பெரிதென்றால் அதற்கேற்ப கூட்டிக்கொள்ளலாம்.

எடை என்ன சொல்கிறது

மூன்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எடையில் இருக்கிறது. இந்த அளவுக் காவடிக்கு எழுபது மயிலிறகு வைத்தாலும், ஒன்றரை அடிக்கு நறுக்கியபின் அவை சேர்ந்து 150 கிராமைத் தாண்டுவது அரிது. பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாளில் பெரிய தாள் மூன்று போதும். மூன்றும் சேர்ந்து இருபது, இருபத்தைந்து கிராம்தான். பூவோ வேறு கதை. முழம் என்பது ஒன்றரை அடி. வளைவின் முன்பக்கம் ஒரு சரம், பின்பக்கம் ஒரு சரம், தண்டுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் எட்டு முழம் வேண்டும். நெருக்கிக் கட்டிய செவ்வந்தி முழத்துக்கு நூறு கிராமுக்கு மேல் வரும். ஆக, பூ மட்டுமே ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்தால் இன்னும் ஏறும்.

ஒரு கிலோ என்ன பெரிய பாரம் என்று தோன்றலாம். தோளுக்கு அது பாரமில்லை. தொல்லை அந்த எடை உட்காரும் இடத்தில் இருக்கிறது. தண்டின் நடுவில்தான் தோள் தாங்குகிறது. முனையில் ஒரு பக்கம் நூறு கிராம் கூடினாலும் காவடி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க ஒரு கை விடாமல் தண்டைப் பிடித்து அழுத்திக்கொண்டே வர வேண்டியிருக்கும். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் வலி தோளில் தெரியாது, மணிக்கட்டில்தான் தெரியும். பூவில் இந்தச் சிக்கல் கூடுதல். வெயில் பட்ட பக்கம் சீக்கிரம் காய்ந்து எடை குறையும், நிழல் பக்கம் அப்படியே இருக்கும், கட்டு தளர்ந்து சரம் ஒரு பக்கமாக இறங்கும். காலையில் சரியாக நின்ற காவடி மதியம் கோணுவதற்கு இதுதான் காரணம்.

எனவே நெடுநடைக்கு எங்கள் முடிவு இது: தலைமை அலங்காரம் மயிற்பீலி, அடிப்பூச்சு வண்ணத்தாள், பூ கடைசியில். ஒரே நாளில் உள்ளூர்க் கோயிலுக்குச் செலுத்தும் காவடி என்றால் இதை அப்படியே தலைகீழாக்கலாம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குச் செல்வது போன்ற சில மணி நேர நடையில் பூவே முன்னால் நிற்கட்டும். அது வாடுவதற்குள் நேர்த்திக்கடன் முடிந்துவிடும். ஊரிலிருந்து அங்குள்ள உறவினர்களுக்கு மயிலிறகு கொண்டுபோய்க் கொடுக்க நினைப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் தானாக உதிர்ந்த இறகை உள்நாட்டில் வைத்திருக்கத் தடையில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை உண்டு.

மயிற்பீலி

மயில் ஆண்டுக்கொரு முறை, மழைக்காலத்தை ஒட்டித் தோகையை உதிர்க்கும். அப்படி உதிர்ந்த இறகின் அடிமுனை காய்ந்து, வெளுத்து, சுத்தமாக முடிந்திருக்கும். பிடுங்கிய இறகில் அடிமுனையில் கறுத்த இரத்தக் கறையோ தோல் துணுக்கோ ஒட்டியிருக்கும். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள பறவை. பிடுங்கிய இறகை வாங்குவது குற்றத்துக்குத் துணைபோவது. முருகன் வாகனத்தைக் கொன்று காவடி கட்டுவதில் பொருளும் இல்லை. கட்டு கட்டாக வாங்கும்போது அடிமுனை நறுக்கியிருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நறுக்காத கட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

பீலியின் பெரிய பலம் அதன் நிறம். அந்த நீலமும் பச்சையும் சாயம் அல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் இருக்கும் அடுக்கமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம் அது. ஆகையால் வெயிலில் சாயத்தாளைப் போல வெளுக்காது, நனைந்தால் கரைந்து வேட்டியில் இறங்காது. பனியில் நனைந்த பீலி இழைகள் ஒட்டிக்கொண்டு கோழி வால் போலப் பரிதாபமாகத் தெரியும், அவ்வளவுதான். மெதுவாக உதறி நிழலில் காற்றாட நிறுத்தினால் மறுபடி விரிந்துவிடும். அடுப்புச் சூட்டில் காட்டக் கூடாது. இழைநுனிகள் சுருண்டால் திரும்பாது.

பலவீனம் காம்பில் இருக்கிறது. காம்பின் அடி வெறும் குழல், மேலே உள்ளே தக்கை போன்ற பொருள். கட்டுக்கம்பியால் இறுக்கினால் குழல் நசுங்கி நீளவாக்கில் பிளக்கும். கட்டும்போது தெரியாது. நடக்க நடக்க ஒவ்வொரு அசைவுக்கும் அந்த இடம் மடிந்து, வெள்ளைக் கோடு ஒன்று விழும். அந்தக் கோடு விழுந்த இறகு அதற்கு மேல் நிமிர்ந்து நிற்காது. ஆகவே கம்பி வேண்டாம். மெழுகு தேய்த்த தடித்த பருத்தி நூல் போதும்.

ஒரு முனைக்கு முப்பத்தைந்து இறகு என்று இரண்டு கட்டு. முதலில் இறகுகளை மேசையில் பரப்பி, இடப்பக்கம் வளைந்தவை தனி, வலப்பக்கம் வளைந்தவை தனி என்று பிரியுங்கள். எல்லா இறகும் நேராக இருப்பதில்லை. கலந்து கட்டினால் கட்டு பறவைக்கூடு போலச் சிலிர்த்து நிற்கும். பிரித்துக் கட்டினால் இரண்டு முனையும் கண்ணாடியில் பார்த்தது போல வெளிப்பக்கம் சாயும். இறகின் கண்ணிலிருந்து அளந்து 45 சென்டிமீட்டர் விட்டு, அடியைத்தான் நறுக்க வேண்டும். அடிப்பக்கம் எட்டு சென்டிமீட்டருக்குப் பஞ்சு போன்ற இழைகளை உருவி எடுங்கள். அவை இருந்தால் நூல் காம்பைப் பிடிக்காமல் இழையைப் பிடித்து நழுவும்.

சுண்டுவிரல் பருமனில் ஒரு மூங்கில் குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு எடுத்து, அதைச் சுற்றி ஒன்பது இறகை உச்சியில் வைத்து எட்டு, பத்துச் சுற்று நூல் சுற்றி முடிச்சிடுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் கீழே கண்கள் வரும்படி பன்னிரண்டு, இன்னும் இரண்டு அங்குலம் கீழே பதினான்கு. எல்லா இறகின் பளபளக்கும் முகமும் வெளியே பார்க்க வேண்டும். கண் இல்லாத பக்கவாட்டு இறகுகள் கிடைத்தால் கடைசி அடுக்குக்கு அவை நன்றாக இருக்கும்; கட்டின் அடி அடர்த்தியாகத் தெரியும். மேலே ஒரு துணி நாடாவைச் சுற்றி நூலை மறைத்துவிடலாம்.

குச்சியைக் காவடியில் இரண்டு இடத்தில் கட்டுவது முக்கியம்: தண்டு முனையில் ஒரு கட்டு, அதற்கு மேலே வளைவில் ஒரு கட்டு. ஒரே இடத்தில் கட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் நடக்கும்போது சுழன்று பீலி முகம் உள்பக்கம் திரும்பிவிடும். விரிவையும் கட்டுப்படுத்துங்கள். பீலி முழு நீளத்தில் பக்கவாட்டில் விரிந்தால் தண்டோடு சேர்ந்து அகலம் ஐந்தடியைத் தாண்டும். பழனி அடிவாரத்தின் நெரிசலில் பக்கத்தில் வருபவரின் கண்ணில் காம்புமுனை படும், எதிர்காற்று அடித்தால் பாய்மரம் போலக் காவடியையே திருப்பும். ஒன்றரை அடி போதும் என்பதற்கு இதுவே காரணம்.

வண்ணத்தாள்

தாளை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் துணி சுற்றிய வளைவின் மேல் வெறும் பீலி மட்டும் வைத்தால் நடுப்பகுதி மொட்டையாகத் தெரியும். அதை நிரப்ப தாளைவிட லேசான பொருள் இல்லை. மெல்லிய தாளில் நிறம் ஆழமாக இருக்கும், காற்றில் சலசலக்கும், ஆனால் நனைந்தால் சாயம் இறங்கும். கிரேப் தாள் இழுபடும், வளைவில் சுருக்கமில்லாமல் படியும், அதுவும் சாயம் விடும். ஜிகினாத்தாள் சாயம் விடாது. ஓரம் விறைப்பாக இருப்பதால் கழுத்தில் உரசும். வளைவின் வெளிவிளிம்புக்கு ஒரு கோடு ஜிகினா, மற்றதெல்லாம் மெல்லிய தாள் என்பது நல்ல பங்கீடு.

தை மாதத்துப் பனிதான் தாளுக்கு எதிரி. விடியற்காலை மூன்று மணிக்குத் திறந்த வெளியில் நிறுத்திய காவடியைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். சிவப்பும் ரோஜா நிறமும்தான் அதிகம் இறங்கும். வாங்கியதும் ஒரு துண்டைக் கிழித்து, ஈரமான வெள்ளைத் துணியில் பத்து எண்ணும் வரை அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தத் தாளைத் தோளுக்கு அருகிலும் செம்புக்கு மேலும் வைக்காமல் வளைவின் உச்சிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இரவில் காவடிக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக் காக்க நினைப்பது தவறு. உறைக்குள்ளேயே வேர்த்து நனைந்துவிடும். கூரைக்கடியில் நிறுத்தி, பழைய பருத்தி வேட்டியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும்.

சட்டத்தின் மேலேயே தாளை ஒட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. கிழிந்தால் வழியில் சரிசெய்ய முடியாது, அடுத்த ஆண்டு சுரண்டி எடுக்கும்போது துணியும் சேர்ந்து பாழாகும். தாளை நாடாவில் ஒட்டி, நாடாவைக் காவடியில் கட்டுங்கள். இரண்டரை அடித் தாளை ஐந்து சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டி, நாலைந்தாக மடித்து, மூன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெருக்கமாகக் கத்தரியுங்கள். கத்தரிக்காத ஒன்றரை சென்டிமீட்டரில் பசை தடவிப் பருத்தி நாடாவில் ஒட்டி, மேலே நீட்டித் தையல் ஒன்று ஓட்டிவிட்டால் பசை நெகிழ்ந்தாலும் குஞ்சம் விழாது. வளைவும் தண்டும் சேர்ந்து ஒரு பக்கச் சுற்று 193 சென்டிமீட்டர். மூன்றடுக்கு என்றால் ஆறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டுப் பட்டை போதும். ஒரு பெரிய தாளில் பத்துப் பட்டை கிடைக்கும். இரு பக்கத்துக்கு இரண்டு தாள், கிழிசலுக்கு ஒன்று. கிழிசலுக்கான தாளை முன்கூட்டியே குஞ்சமாக்கி, ஒரு மீட்டர் நாடாவோடு பையில் வைத்துக்கொள்ளலாம்.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். பெயரில் மயில் இருந்தாலும் அது நஞ்சு. பாலும் சர்க்கரையும் சுமக்கும் காவடிக்கு அதைக் கலக்காதீர்கள். மைதாப் பசையை அன்றன்று காய்ச்சி உபயோகிப்பதோ, கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசையோ போதும்.

பூ

தை மாதத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் சம்பங்கியும் தாராளமாகக் கிடைக்கும். திண்டுக்கல் பூச்சந்தையில் மூன்றையும் வாங்கலாம். ஆனால் சந்தையில் அழகாகத் தெரிவது வேறு, சாலையில் தாக்குப்பிடிப்பது வேறு. சம்பங்கி வெயில் பட்டதும் ஓரம் பழுத்துக் கறுக்கும். ரோஜா குலுங்கினாலே இதழ் உதிரும். அரளி முருகனுக்கு உகந்தது என்று பலர் தேடி வாங்குவார்கள். ஒரு பகல் தாங்காது. அதைவிட முக்கியம், அரளியின் பாலும் பூவும் நஞ்சு. செம்புக்கு மேலே அரளிச் சரம் தொங்கக் கூடாது. வாடி உதிரும் பூ நேராக அபிஷேகப் பாலுக்குள்தான் விழும், அந்தப் பாலைப் பிரசாதமாகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு நாளும் நிற்கக்கூடியது வாடாமல்லி. பெயருக்கேற்ற பூ, காய்ந்தாலும் நிறமும் வடிவமும் மாறாது. ஊசி நூலில் கோத்தால் வளைவின் முழு நீளத்துக்கும் அறுபது பூ போதும், எடையும் தெரியாது. வாசம் இல்லையே என்பவர்கள் இடையிடையே மரிக்கொழுந்து வைக்கலாம். அது காய்ந்தபின்னும் மணக்கும். கோழிக்கொண்டையும் காய்ந்து நிற்கும், ஆனால் கொத்து பெரிது. இரு பக்கமும் ஒவ்வொன்றுக்கு மேல் வேண்டாம்.

கட்டும் நாரிலும் வித்தியாசம் உண்டு. வாழைநார் ஈரமாக இருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். மறுநாள் காய்ந்ததும் இறுக்கம் விட்டுப்போகும், பூவும் சுருங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து சரம் தொய்ந்து பீலிக்கட்டில் போய்ச் சிக்கும். இரண்டு நாள் தொங்க வேண்டியதற்கு நூல். அன்றைக்கே முடிவதற்கு நார்.

புதுப்பூவை விட்டுவிட வேண்டியதில்லை. அதைத் திண்டுக்கல்லில் கட்டாமல் பழனி அடிவாரத்தில் கட்டுங்கள். அங்கே குளித்து, செம்பில் பால் நிறைத்து, மூன்று முழம் செவ்வந்தியை வளைவின் உச்சியில் மட்டும் ஏற்றினால் மலையேறும் நேரத்துக்கு அது புதிதாக இருக்கும். எடையும் நடுவில் உட்காருவதால் சாயாது.

ஒன்றாகச் சேர்க்கும்போது

வரிசை மாறினால் செய்த வேலையே திரும்பச் செய்ய வேண்டிவரும். துணி, அதன் மேல் தாள் நாடா, பிறகு பீலிக்கட்டு, பிறகு சலங்கை மணி, கடைசியில் பூச்சரம். பீலியை முதலில் கட்டிவிட்டுத் தாளை நுழைக்கப் பார்த்தால் கை பட்டு நான்கு காம்பாவது மடியும். பூச்சரத்துக்கும் தாளுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பூவின் ஈரம் தாளில் ஏறினால் பனிக்குக் காத்திருக்காமலே சாயம் இறங்கும். தண்டின் நடுவில் தோள் படும் ஒரு முழ நீளத்துக்கு எதுவும் வேண்டாம், மடித்த துண்டு மட்டும். இரவில் நடப்பவர்கள் பின்பக்கம் ஒளிரும் பட்டை ஒட்டுவார்கள். பாதயாத்திரை சாலைகளில் காவல்துறையினரே கொடுப்பதும் உண்டு. அது பீலிக்குள் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் தண்டின் சரியான நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி உத்திரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு முனை இறங்கினால் அந்தப் பக்கக் கட்டிலிருந்து பீலியை எடுக்காதீர்கள். எதிர்முனையில் ஒரு சலங்கையோ இரண்டோ கூட்டிச் சமன் செய்யலாம். காலிச் செம்போடு ஒரு முறை, இரண்டிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி ஒரு முறை பாருங்கள். காலியாக இருக்கும்போது நேராக நின்று, நிரப்பியதும் சாய்ந்தால் கோளாறு அலங்காரத்தில் இல்லை. செம்பு தொங்கும் கயிறுகள் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. பிறகு தோளில் வைத்து இருநூறு அடி வேகமாக நடந்துவிட்டு வந்து தரையைப் பாருங்கள். இழையோ இதழோ எங்கே உதிர்ந்திருக்கிறதோ, அந்தக் கட்டைத்தான் மறுபடி கட்ட வேண்டும்.

திரும்பி வந்ததும் பூவை அன்றைக்கே கழற்றுங்கள். விட்டால் அழுகல் துணியில் ஏறும். சாயம் விட்ட தாளை வைத்திருந்து பயனில்லை. பீலிக்கட்டைக் குச்சியோடு அவிழ்த்து இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையும் கற்பூரமும் சேர்த்துச் செய்தித்தாளில் சுற்றி, மடங்காமல் படுக்கவைத்து எடுத்துவையுங்கள். சில மாதத்துக்கொரு முறை பிரித்துப் பாருங்கள். இறகில் இழையே இல்லாத மொட்டைக் கோடுகளோ மயிர் மூடிய சிறு புழுக்களோ தெரிந்தால் அந்த இறகை உடனே தனியாக எடுத்துவிட வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அது முழுக் கட்டையும் தின்றுவிடும்.